தோளை வெட்டிய படம்

பிரிவுக்குப் பின் மீண்டும் ஹிஞ்ச் செயலிக்குள் நுழைந்தேன், நண்பர்களே! ஆறு படங்கள், மூன்று விடைகள், யாவும் பழையவை. அம்பர்நாத் சிவன் கோயில்முன் இருவரும் எடுத்த படத்தில் அவர் தோளை வெட்டினேன். 1060-இல் எழுந்த கோயில் நிற்கிறது. எங்கள் காதல் ஓராண்டும் நிற்கவில்லை! வெட்டியும் சட்டை நுனி எஞ்சியது. பார்ப்பவர் கண் அங்கேதான் போகும். படத்தையே நீக்கினேன்.

படத்தை மாற்றினால் போதுமென்பார் சிலர். நான் ஒப்பேன். "மாட்டுங்காவில் காப்பி குடிப்போமா?" என்ற விடையைப் படித்துத்தான் அவர் எழுதினார். அதை வைத்துக்கொண்டு வேறொருவரை அழைப்பதா? அதையும் அழித்தேன்.

40 கிலோமீட்டர் வட்டம் போட்டால் அவருடைய செம்பூரும் அகப்படும். ஆகவே அவர் எண்ணைத் தடைப்பட்டியலில் சேர்த்தேன். வேறு எண்ணில் அவர் பதிந்திருந்தால் அந்தத் தடை பலிக்காது.