இருப்பு கடையில், கடன் வழங்குநர் தலையில்

மேலாண்மை வகுப்பறைகள் இரு வேறு ஏற்பாடுகளை ஒன்றெனவே கற்பிக்கின்றன. வழங்குநர் மேலாளும் இருப்பில், எப்போது, எவ்வளவு நிரப்புவது என்பதை வழங்குநர் முடிவு செய்கிறார். ஒப்படைப்புச் சரக்கில், விற்கும்வரை உடைமையே அவருடையது. முன்னது தகவலைப் பகிர்வது. பின்னது முதலீட்டுச் சுமையை இடம் மாற்றுவது. 1980களில் வால்மார்ட், தன் விற்பனைத் தரவைப் பி அண்ட் ஜி நிறுவனத்துக்குத் திறந்துவிட்டதே அந்தக் கூட்டின் உயிர். நம் கடைகளோ தரவைப் பூட்டிவிட்டுச் சரக்கை மட்டும் கேட்கின்றன.

மெட்டுகுடாவில் ஒரு கடைக்கு ஊறுகாய் வழங்கும் குறுந்தொழில் முனைவோரைக் கற்பனை செய்க. அடக்க மதிப்பில் 1,00,000 ரூபாய்ச் சரக்கு எப்போதும் அடுக்கில் நிற்க வேண்டும். 12 விழுக்காட்டு வட்டியில் அதன் ஆண்டுச் செலவு 12,000 ரூபாய். முதல் தேதி விற்ற புட்டி மாத இறுதியில்தான் கணக்கேறும். அதன்பின் 45 நாள் தவணை. ஆக, விற்ற பிறகும் 75 நாள் காத்திருப்பு. காலாவதியும் களவும் அவர் கணக்கிலேயே.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் 45 நாளுக்கு மேற்பட்ட தவணையை ஏற்பதில்லை. ஆனால் அந்நாள்கள் சரக்கை ஏற்றதிலிருந்து எண்ணப்படுபவை. "இன்னும் வாங்கவே இல்லையே" என்னும் ஒற்றை வாதம் கடிகாரத்தை நிறுத்திவிடுகிறது. வரிச் சட்டமோ காத்திராது: விற்றால் விலை, இல்லையேல் திருப்பம் என அனுப்பிய சரக்குக்கு, விற்காவிடினும் ஆறு மாதத்தில் விலைப்பட்டியல் எழுதியாக வேண்டும்.

தீர்வு ஒப்பந்தத்தில் உள்ளது. அன்றாட விற்பனைத் தரவைப் பகிர வேண்டும். குறித்த நாளுக்குள் திருப்பாத சரக்கு விற்றதாகவே கொள்ளப்பட வேண்டும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இதற்கு இடந்தருகிறது. இவ்விரண்டும் இல்லாத ஒப்பந்தத்தைக் கூட்டாண்மை என்பது பொய். அது வட்டியில்லாக் கடன்.