ரயில், விமானம், ஹோட்டல் பஃபே: பயணத்துல டயட் எங்க உடையுது?

1/
எடை குறைக்க முயற்சி பண்றவங்க கிட்ட "எப்போ விட்டீங்க?"ன்னு கேட்டா பாதிப் பேர் சொல்ற பதில் ஒண்ணுதான்: "ஒரு வாரம் வெளியூர் போனேன் டாக்டர், அதோட போச்சு." அந்த ஒரு வாரத்தைப் பத்திதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
என் பள்ளி நண்பன் ஒருத்தன் கதையை அவன் அனுமதியோட சொல்றேன். கோயம்புத்தூர்ல பம்ப் தயாரிக்கிற ஒரு கம்பெனியில வேலை. வருஷா வருஷம் ஏப்ரல்ல ஜெர்மனிக்கு ஒரு தொழிற்கண்காட்சிக்குப் போவான். அவன் எடை நிலையா இருக்க ஒரு நாளைக்குச் சுமார் 2300 கலோரி தேவை. 1800 சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். இந்த 500 வித்தியாசத்தைத்தான் டெஃபிசிட்னு சொல்றோம்.

3/
போன வருஷம் கிளம்பும்போது 86.4 கிலோ. ஏழு நாள் கழிச்சு வந்து ஏறி நின்னா 88.9. உடனே போன். "மச்சான், ஒரே வாரத்துல ரெண்டரை கிலோடா. நாலு மாசம் பட்ட பாடு எல்லாம் போச்சு." நான் சொன்னது எதுவும் அவன் காதுல ஏறல. டயட்டை விட்டுட்டான். ஜூலையில 91 கிலோ.

4/
என் கருத்து இதுதான்: அவனைக் கெடுத்தது ஜெர்மனி இல்ல, எடை மெஷின்ல அன்னைக்குப் பார்த்த அந்த நம்பர். கணக்கு போடுங்க. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7700 கலோரி மிச்சமாகணும். ரெண்டரை கிலோவுக்கு 19,250. ஏழு நாள்ல அது நடக்கணும்னா தினமும் 5000 கலோரிக்கு மேல சாப்பிட்டிருக்கணும். அவன் நல்லா சாப்பிடுறவன்தான், ஆனா ஏழு நாளும் அந்த அளவு யாராலயும் சுலபமா முடியாது.

5/
அப்போ ஏறினது என்ன? பெரும்பகுதி தண்ணி. வெளிச் சாப்பாட்டுல உப்பு அதிகம், உப்பு தண்ணியைப் பிடிச்சு வைக்கும். வழக்கத்தை விட மாவுச்சத்து அதிகமா சாப்பிட்டா அது கிளைகோஜனா தசையிலயும் கல்லீரல்லயும் சேரும், கூடவே அதை விட மூணு மடங்கு எடைக்குத் தண்ணியும் சேரும். மணிக்கணக்கா உட்கார்ந்து வந்ததுல கால் வீங்கியிருக்கும். பயணத்துல மலச்சிக்கல் வேற. உண்மையான கொழுப்பு அரை கிலோ சுத்தி இருந்திருக்கும். மீதி எல்லாம் வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பின ஒரு வாரத்துல தானா இறங்கியிருக்கும். அந்த ஒரு வாரம்தான் அவன் காத்திருக்கல.

6/
அந்த அரை கிலோ எங்க இருந்து வந்துச்சு? இந்த வருஷம் கிளம்புறதுக்கு முன்னாடி அவனை உட்கார வச்சு, போன தடவை முதல் நாள் என்னென்ன சாப்பிட்டான்னு ஒண்ணு விடாம எழுதச் சொன்னேன். (கலோரி எல்லாம் தோராயக் கணக்குதான்.)

மதியச் சாப்பாட்டை வீட்டுலயே முடிச்சுட்டு மூணு மணிக்கு மேல கோவை எக்ஸ்பிரஸ். சென்னை போறதுக்குள்ள டீ மூணு: 240. ஈரோடு தாண்டி சமோசா ரெண்டு: 500. சேலத்துல வடை ரெண்டு: 300. ஜோலார்பேட்டை பக்கம் பிரியாணி பொட்டலம்: 700. விமான நிலையத்துல நடுராத்திரி தோசையும் காபியும்: 450. விமானத்துல விடியக்காலை மூணு மணிக்கு டின்னர்: 700. இறங்குறதுக்கு முன்னாடி டிஃபன்: 450. ஹோட்டல்ல போய் இறங்கினதும் காலை பஃபே: 900.

7/
மொத்தம் 4240. வண்டி ஏறினதுல இருந்து பஃபே முடியற வரைக்கும் ஒரு நாள் கூட முழுசா ஆகல. மதியச் சாப்பாடு இதுல சேரல. அவனே தாளைப் பார்த்துட்டு, "டேய், எனக்கு ஒரு வேளை கூட சரியா பசிக்கவே இல்லடா"ன்னான். அதுதான் விஷயம். பயணத்துல நாம பசிக்குச் சாப்பிடுறதில்ல. எதிர்ல வருது, சாப்பிடுறோம்.

8/
ரயில்ல என்ன செய்யலாம்?
பத்து நிமிஷத்துக்கு ஒருத்தர் கூடையோட வருவாங்க. ஒவ்வொரு தடவையும் "வேண்டாம்"னு சொல்ல மன உறுதி பத்தாது. கையில நம்ம சாப்பாடு இருந்தா அந்தக் கேள்வியே வராது. இந்தத் தடவை நாலு பொடி இட்லி (எண்ணெயோட சேர்த்து 350), அவிச்ச முட்டை ரெண்டு (150), ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை (110), வண்டியில டீ ரெண்டு (160). மொத்தம் 770. போன தடவை வண்டியில மட்டும் 1740.

நல்லெண்ணெய் விட்டுப் பிசைஞ்ச பொடி இட்லி பயணத்துக்குத் தாங்கும். சட்னி தாங்காது, கொண்டு போகாதீங்க. முட்டையை ஓட்டோட வச்சு, வண்டி ஏறினதும் முதல்ல சாப்பிட்டுடணும். கோடையில ராத்திரி வரைக்கும் வைக்கக் கூடாது.

9/
விமானத்துல இருக்கற சிக்கல் வேற. சென்னையில இருந்து ஐரோப்பா போற விமானங்கள் பல நடுராத்திரிக்கு மேல கிளம்பும். மேலே ஏறினதும் டின்னர் தருவாங்க. நம்ம ஊர்க் கணக்குல அது விடியக்காலை மூணு மணி. நீங்க ஏற்கனவே ராத்திரி சாப்பாடு முடிச்சாச்சு. அப்புறம் இறங்கும்போது ஒரு டிஃபன். ஜெர்மனி கடிகாரம் ஏப்ரல்ல நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னாடி. அதனால அங்க இறங்கும்போதும் காலை நேரம்தான், ஹோட்டல்ல இன்னொரு டிஃபன் காத்திருக்கும். மேற்கு நோக்கிப் போனா நாள் நீளும், சாப்பாட்டு வேளையும் கூடும்.

10/
அதனால நண்பனுக்குச் சொன்னது ஒண்ணே ஒண்ணு: அந்த மூணு மணி டின்னர் உனக்கானது இல்ல. ஏறினதும் பணிப்பெண் கிட்ட "சாப்பாடு வேண்டாம், எழுப்பாதீங்க"ன்னு சொல்லிட்டு, தண்ணி குடிச்சுட்டுத் தூங்கு. இறங்குறதுக்கு முன்னாடி வர்ற டிஃபனைச் சாப்பிடு. ஹோட்டல்ல வெறும் காபி. ரயில்ல இருந்து அதுவரைக்கும் மொத்தம் 1250 சொச்சம். போன வருஷம் 4240. தூக்கமும் கிடைச்சுது. தூக்கம் கெட்டா மறுநாள் பசி கூடும், அதனால இதுல ரெட்டை லாபம்.

11/
சிலர் முன்பதிவுல DBML தேர்வு பண்ணுவாங்க. அது சர்க்கரை நோயாளிகளுக்கான சாப்பாடு. தாராளமா கேளுங்க, பெரும்பாலும் 24 மணி நேரம் முன்னாடியே சொல்லணும். ஆனா அந்தப் பேரைப் பார்த்து கலோரியும் கம்மின்னு நினைச்சுக்காதீங்க. எந்தத் தட்டா இருந்தாலும் பன், வெண்ணெய், ஜூஸ் மூணையும் தொடாம விட்டா 250, 300 குறையும்.

12/
அடுத்து பஃபே. "காசு குடுத்தாச்சு, விடக் கூடாது"ங்கற எண்ணம்தான் இங்க எதிரி. அறை வாடகையை ரெண்டு குரோசான்ட் கூட சாப்பிட்டு வசூல் பண்ண முடியாது! முதல் சுத்து தட்டு எடுக்காம நடங்க. என்ன இருக்குன்னு பாருங்க. பார்த்துட்டு ஒரே தட்டு போடுங்க.

ஜெர்மன் ஹோட்டல்ல அவன் ஆறு நாளும் போட்ட தட்டு: அவிச்ச முட்டை ரெண்டு, குவார்க் ஒரு கிண்ணம் (கெட்டித் தயிர் மாதிரி இருக்கும், கொழுப்பு நீக்கினதுல நூறு கிராமுக்கு 12 கிராம் புரதம்), ஒரு பன், கொஞ்சம் வெண்ணெய், ஒரு ஆப்பிள், காபி. சுமார் 600 கலோரி. மதியம் ரெண்டு மணி வரைக்கும் பசிக்கலன்னான். மியூஸ்லியை ஆரோக்கியம்னு நினைச்சு கிண்ணம் நிறைய கொட்டிக்காதீங்க, நூறு கிராம்லயே 350க்கு மேல.

13/
நம்ம ஊர் ஹோட்டல் பஃபேயிலயும் இதே வழிதான். முதல்ல முட்டை, இல்லன்னா சாம்பாரோட இட்லி. பொங்கல், பூரி, நெய் தோசை, வடை நாலுல ஒண்ணு மட்டும், ஆசைப்பட்டதை. நாலுலயும் "கொஞ்சம் கொஞ்சம்" போட்டாதான் தட்டு ஆயிரத்தைத் தாண்டும்.

14/
ராத்திரி விருந்துகளை அவனால தவிர்க்க முடியல. வாடிக்கையாளர் கூப்பிடுறாங்க, அரை லிட்டர் பீர் 200 கலோரிக்கு மேல, கூடவே வறுத்த உருளைக்கிழங்கு. போகாதேன்னு நான் சொல்லல. அந்த நாட்கள்ல 2300 வரைக்கும் போகட்டும்னு விட்டேன். பயணத்துல தினமும் 500 குறைக்கணும்னு பிடிவாதம் பிடிக்கறவங்கதான் பகல் முழுக்கப் பட்டினி கிடந்து ராத்திரி பஃபேயில கொட்டிக்கறாங்க.

பாருங்க, ஏழு நாளும் டெஃபிசிட்டே இல்லாம எடை நிலையா நிக்கற அளவு சாப்பிட்டாலும் தவறிப்போறது 3500 கலோரி. அரை கிலோ கூட இல்ல. மாசத்துல மீதி நாள் வீட்டுல சரியா இருந்தா அந்த மாசமும் குறைஞ்ச மாசம்தான்.

15/
சிலருக்கு இது அப்படியே பொருந்தாது. இன்சுலின் போடறவங்க, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுக்கறவங்க இதைப் படிச்சுட்டு விமானத்துல வேளையைத் தாண்டாதீங்க. சர்க்கரை ரொம்ப இறங்கிடும். வியர்வை, நடுக்கம், தலைசுத்தல் வந்தா உடனே சர்க்கரையோ ஜூஸோ எடுத்துக்கணும். நேரம் மாறும்போது மருந்தை எப்படி மாத்தறதுன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே உங்க டாக்டர் கிட்ட கேளுங்க. மருந்து எப்பவும் கைப்பையில. இறங்கினப்புறம் ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா அதை உப்பு, தண்ணின்னு விட்டுடாதீங்க. ரத்தக்கட்டியா இருக்கலாம், அன்னைக்கே காட்டணும்.

16/
இந்த வருஷம் கிளம்பும்போது 85.2. திரும்பி வந்த காலையில 86.8. வந்ததும் ஏறாதேன்னு சொல்லியிருந்தேன், கேட்கல! அதே போன், அதே குரல்: "மச்சான், ஒண்ணரை கிலோ ஏறிருச்சுடா." மெஷினைத் தூக்கிப் பரண் மேல போடு, அடுத்த திங்கட்கிழமை எடுன்னு சொல்லி வச்சுட்டேன்.

ஆறு நாள் கழிச்சு திங்கட்கிழமை காலையில ஒரு போட்டோ அனுப்பினான். 85.0.

17/
ஊருக்குப் போய்ட்டு வந்தா ஒரு வாரத்துக்கு எடை பார்க்காதீங்க. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்புங்க, ஈடு கட்டணும்னு பட்டினி வேண்டாம். ஏழாவது நாள் காலையில, பாத்ரூம் போய்ட்டு வந்து, வெறும் வயித்துல பாருங்க. அந்த நம்பரை மட்டும் நம்புங்க.