ஈரமான தானியமும் ஐந்தாவது படமும்

சந்தையில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் அதனுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. என்ன இது என்று கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கும் இந்தச் செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த வியாபாரி ஈரத்தைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. கேட்டவுடன் உண்மையைத்தான் சொன்னார். ஈரம் இருந்த இடம்தான் குற்றமாயிற்று.

இன்ஸ்டாகிராமில் கேரோசல் என்னும் படத்தொடர்களை வெளியிடும் நம் சகோதர சகோதரிகள் இந்த நபிமொழியைத் தங்கள் வேலையோடு பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. விரலால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்க்கும் அந்தத் தொடர்களில் தொழுகை, நோன்பு, குழந்தை வளர்ப்பு குறித்துப் பயனுள்ள செய்திகள் வருகின்றன. அவற்றுக்கு நடுவே பணம் பெற்றுச் சொல்லப்படும் பொருள்களும் வருகின்றன.

பொருளை அறிமுகப்படுத்திக் கூலி பெறுவது ஹராமான தொழில் அன்று. தரகரின் கூலிக்கென்றே இமாம் புகாரி அவர்கள் தம் நூலில் ஒரு தலைப்பு அமைத்து, அதில் தவறில்லை எனக் கருதிய முன்னோர்களின் பெயர்களையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் தரகர் சந்தையில் தரகராகவே அறியப்படுகிறார். படத்தொடரில் பேசுபவரோ தோழியாக, சில வேளைகளில் ஆசிரியையாகவே அறியப்படுகிறார். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ‘உம்ராவுக்கு என்னென்ன எடுத்துச் செல்வது?’ என்று எட்டுப் படங்கள் கொண்ட ஒரு தொடர். முதல் படம் தலைப்பு. இரண்டு முதல் நான்கு வரை இஹ்ராமின் விதிகள். நறுமணம் பூசக் கூடாது என்பது நான்காவதில் இருக்கிறது. ஐந்தாவதில் மணமற்ற சோப்பு ஒன்று; அதற்கு நிறுவனம் பணம் கொடுத்திருக்கிறது. ஆறாவதில் இடுப்புப் பை. அதன் சுட்டி வழியாக யாரேனும் வாங்கினால் பதிவிட்டவருக்குக் கமிஷன் கிடைக்கும். ஏழாவதில் துஆக்கள். எட்டாவது படத்தின் அடியில் சிறிய எழுத்தில் ‘நன்றி’ என்று நிறுவனத்தின் பெயர்.

ஐந்தாவது படத்தை ஒரு தாய் திரைப்பிடிப்பு எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். இஹ்ராமுக்கு இந்தச் சோப்புதான் கூடும் போலிருக்கிறது என்று பெரியம்மா எண்ணிக்கொள்கிறார். மணமில்லாத எந்தச் சோப்பும் போதும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மார்க்கத்தின் விதியும் விளம்பரமும் ஒரே நிறத்தில், ஒரே எழுத்தில், அடுத்தடுத்து வந்ததால் ஒன்றின் நம்பகம் மற்றொன்றில் ஒட்டிக்கொண்டது.

இன்ஸ்டாகிராம் தரும் Paid partnership என்னும் குறி இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். அதை அவசியம் இட வேண்டும்; ஆனால் அது மட்டும் போதாது. அந்தக் குறி கணக்கின் பெயரருகே நிற்கிறது. படத்தை மட்டும் வெட்டி அனுப்பினால் அது உடன் செல்வதில்லை. மேலும், பதிவு முழுவதற்கும் அது ஒரே குறி. எட்டுப் படங்களில் எதற்குப் பணம் வந்தது என்பதை அது சொல்வதில்லை. அதனால் வாசகர் சோப்பையும் துஆவையும் ஒருசேர நம்புகிறார், அல்லது இரண்டையும் ஒருசேரச் சந்தேகிக்கிறார். படத்தின் கீழுள்ள குறிப்பில் எழுதுவதிலும் இதே குறை உண்டு. அதன் தொடக்க வரிதான் கண்ணில் படும். மீதியைத் தொட்டுத் திறந்தால்தான் தெரியும்.

ஆகவே அறிவிப்பு மூன்று இடங்களில் வர வேண்டும் என்பேன். முதல் படத்தில், தலைப்புக்கு அடியில் ஒரு வரி: ‘இத்தொடரில் 5ஆம் படம் விளம்பரம்; 6ஆம் படத்தில் கமிஷன் சுட்டி உள்ளது.’ பிறகு அந்தந்தப் படத்திலேயே. ஐந்தாவதில் ‘விளம்பரம்: இந்தச் சோப்பைக் காட்ட நிறுவனம் எனக்குப் பணம் தந்தது. மணமற்ற எந்தச் சோப்பும் இஹ்ராமுக்குப் போதும்.’ ஆறாவதில் ‘என் சுட்டி வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்.’ மூன்றாவதாக, சுயவிவரப் பக்கத்தில் அந்தச் சுட்டி இருக்கும் இடத்திலும் அதே சொற்கள். உங்களுக்கு விலை கூடாது என்று சேர்ப்பதானால், அது உண்மைதானா என்று சரிபார்த்த பின்பே சேர்க்க வேண்டும்.

இப்படி எழுதினால் பதிவின் இயல்பு கெடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். இயல்பைக் கெடுப்பது அறிவிப்பு அன்று, அதன் கூச்சம்தான். பதிவு முழுவதும் தமிழில் இருக்க, இது மட்டும் ஆங்கிலச் சுருக்கமாகப் பத்து ஹேஷ்டேகுகளுக்கு நடுவே ஒளிந்தால் அது அந்நியமாகத்தான் தெரியும். பேசும் அதே மொழியில், படத்தின் மற்ற வரிகளுக்குரிய அதே அளவில், பின்னணியோடு கலந்துவிடாத நிறத்தில் எழுதினால் அதுவும் பேச்சின் ஒரு பகுதியாகிவிடும். வலது மேல் மூலையைத் தவிர்ப்பது நல்லது; படத்தின் எண்ணிக்கையைக் காட்டும் குறி அங்கே வந்து மறைக்கும்.

நாட்டின் விதியும் இதையொட்டியே இருக்கிறது. விளம்பரத் தர நிர்ணயக் குழுவான ஆஸ்கி 2021இலும், ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் வழிகாட்டிகளை வெளியிட்டன. அறிவிப்பு எளிய சொற்களில், பதிவின் மொழியிலேயே இருக்க வேண்டும். ஹேஷ்டேகுக் கூட்டத்தில் கலக்கக் கூடாது. படமானால் படத்தின் மீதே பொறிக்க வேண்டும் என்கிறது அரசின் வழிகாட்டி. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம், குடும்ப உறவு ஆகியவற்றையும் வெளிப்படுத்தச் சொல்கிறது. அண்ணன் கடை அபாயாவைப் புகழ்ந்தால், அது அண்ணன் கடை என்று சொல்லியாக வேண்டும்.

நான் உண்மையிலேயே பயன்படுத்தும் பொருள்தானே என்பது அடிக்கடி கேட்கும் பதில். அப்படியே இருக்கட்டும், அது பொருளைப் பற்றிய உண்மை. உங்களைப் பற்றிய உண்மையும் வாங்குபவருக்குத் தேவைப்படுகிறது. அதை அறிந்து சிலர் வாங்காமல் போகலாம். போவது அவர்கள் உரிமை. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் வியாபாரத்தில் பரக்கத் உண்டென்றும், மறைத்தால் அது அழிக்கப்படும் என்றும் நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

வெளியிடும் முன் ஒரு சோதனை செய்யலாம். ஐந்தாவது படத்தை மட்டும் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் காட்டி, ‘இதை ஏன் சொல்கிறேன் என்று தெரிகிறதா?’ என்று கேளுங்கள். பணம் வாங்கியிருக்கிறாய் என்று அவர் சொல்லிவிட்டால் ஈரம் மேலே இருக்கிறது. இல்லையேல் படத்தைத் திருத்துங்கள்.

நம் சம்பாத்தியத்தை ஹலாலாகவும் தெளிவாகவும் வைத்துக்கொள்ள அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக.