“புளூபிரிண்ட் ஒன்றுதானே!” என்பவர்களுக்கு

மறுதேர்வு என்ற பேச்சு வந்தாலே ஸ்டாஃப் ரூமில் ஒரு பதில் தயாராக இருக்கும்: “புளூபிரிண்ட் அதேதானே? பாடத்துக்கு இத்தனை மார்க் என்பது மாறாது. கேள்வியை மட்டும் மாற்றிப் போட்டால் தீர்ந்தது.” எங்கள் அந்தமான் ஜங்லிகாட்டில் இந்தப் பேச்சு வருஷா வருஷம் எழும். சென்னையிலிருந்து கப்பல் வர ஏறக்குறைய மூன்று நாள். ஊருக்குப் போன குடும்பம் கடல் கொந்தளிப்பில் அங்கேயே மாட்டிக்கொண்டால், பன்னிரண்டாம் வகுப்பு ப்ரீ-போர்டில் வரலாற்றுத் தாள் அன்று அந்தப் பிள்ளையின் பெஞ்சு காலி. இப்படித் தவறவிட்ட ஏழெட்டுப் பேருக்குப் பிறகு ஒரு தாள் போட்டாக வேண்டும்.

எல்லோரும் மறுபடி எழுதும் தேர்வு வேறு, சிலர் மட்டும் எழுதும் தேர்வு வேறு. 2018 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் தாள் கசிந்ததும் சிபிஎஸ்இ ஏப்ரல் 25 அன்று நாடு முழுக்க மறுதேர்வு வைத்தது. இரண்டாவது தாள் கொஞ்சம் கடினமாக இருந்திருந்தாலும் அந்தப் பாரம் எல்லோர் தலையிலும் ஒன்றாகத்தான் விழுந்திருக்கும். 2024 டிசம்பர் 13 அன்று பீகார் தேர்வாணையம் நடத்திய முதல்நிலைத் தேர்வு அப்படியில்லை. பாட்னாவில் ஒரே ஒரு மையத்துக்கு மட்டும் ரத்து செய்து 2025 ஜனவரி 4 அன்று மறுதேர்வு வைத்தார்கள். ஒரே தரவரிசைக்கு இரண்டு தாளா என்று மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். நம் பள்ளி மறுதேர்வும் இந்த இரண்டாவது வகைதான். ஏழு பேரின் மதிப்பெண் மற்ற நாற்பது பேரின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில், அதே பதிவேட்டில், அதே பத்தியில் ஏறப்போகிறது. ஆகவே புளூபிரிண்ட் வாதத்தைச் சும்மா விட முடியாது.

புளூபிரிண்ட் சொல்வது என்ன? வரலாற்றுத் தாள் 80 மதிப்பெண். பாடநூலின் மூன்று பாகங்களுக்கும் தலா 25, வரைபடத்துக்கு 5. இருபத்தொரு ஒரு மார்க் கேள்விகள், ஆறு மூன்று மார்க், மூன்று எட்டு மார்க், மூன்று சான்றுப் பகுதிகள், ஒரு வரைபடம். எந்தப் பாகத்திலிருந்து எவ்வளவு என்று அது சொல்லும். அந்தக் கட்டத்துக்குள் விழும் கேள்வி எவ்வளவு கனம் என்று சொல்லாது.

ஒரு எட்டு மார்க் கேள்வியை எடுத்துக்கொள்வோம். மூலத்தாளில் இரண்டாம் பாகத்திலிருந்து, “விஜயநகரத்தின் கோட்டை அரண்களையும் நீர் ஏற்பாட்டையும் விவரி” என்று வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுதேர்வுக்கு அதே பாகம், அதே எட்டு மார்க்: “முகலாயர் காலத்து வேளாண் வரலாற்றுக்கு அயினி அக்பரி எந்த அளவுக்கு நம்பத்தக்க சான்று? மதிப்பிடுக.” புளூபிரிண்ட்டில் இரண்டும் ஒரே கட்டத்தில் அழகாக உட்கார்ந்துவிடும். ஆனால் விடைக்குறிப்பை எழுதிப் பாருங்கள். முதல் கேள்விக்கு ஏழு அடுக்கு அரண், அப்துர் ரசாக் அதைக் கண்டு வியந்தது, வயல்களையும் உள்ளே வளைத்துக் கட்டியது, துங்கபத்திரை, கமலாபுரம் ஏரி, ஹிரியா கால்வாய் என்று எல்லாம் பாடத்தில் பக்கம் பக்கமாக, அதே வரிசையில் கிடக்கிறது. ஒருமுறை மனப்பாடம் செய்த பிள்ளை இறக்கி வைத்துவிடும். இரண்டாவதற்கு அந்த நூல் தரும் விரிவான தகவல் ஒரு பக்கம். கூட்டுத்தொகைகளில் பிழை, சில மாகாணங்களுக்குத் தகவலே இல்லாதது, விலையும் கூலியும் ஆக்ரா வட்டாரத்தை மட்டும் சார்ந்தது ஆகியவை மறுபக்கம். இரண்டையும் எதிரெதிரே வைத்துத் தீர்ப்பும் சொல்ல வேண்டும். நடுத்தர மாணவனுக்கு முதலாவதில் ஆறு மார்க் வரும். இரண்டாவதில் மூன்றரை வந்தால் பெரிது.

இந்த வித்தியாசம் கேள்வியைப் படித்தால் தெரியாது, விடைக்குறிப்பில்தான் தெரியும். அதனால் மறுதேர்வுத் தாளில் முதலில் எழுத வேண்டியது மார்க்கிங் ஸ்கீம். அங்கே பார்க்க வேண்டியவை மூன்று. விடைக்கான குறிப்புகள் ஒரே இடத்தில் உள்ளனவா, நாலு இடத்தில் சிதறிக் கிடக்கின்றனவா? கேட்பது விவரிப்பா, மதிப்பீடா? பாடநூலே அந்தப் பதிலைத் தொகுத்துத் தந்திருக்கிறதா, மாணவன் தொகுக்க வேண்டுமா? அயினி அக்பரியை எடுத்துவிட்டு, “விஜயநகரத்தின் அரச மையத்திலிருந்த கட்டடங்களை விவரி” என்று போட்டால் மகாநவமி திப்பா, தாமரை மகால், ஹசார ராமர் கோயில் என்று பதில் வரிசையாக வரும். கனமும் ஏறக்குறைய சமம்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எட்டு மார்க் கேள்விக்கு ‘அல்லது’ உண்டு. பிள்ளைகள் இரண்டில் எளிதானதைத்தான் எழுதுவார்கள். ஆகவே அந்தக் கேள்வியின் கடினம் என்பது எளிதான பாதியின் கடினம். மூலத்தாளில் ஒரு பாதி எளிது, ஒரு பாதி கடினம் என்றிருக்க, மறுதேர்வில் இரண்டு பாதியும் நடுத்தரமாக இருந்தால் ‘சராசரி ஒன்றுதானே’ என்று சமாதானம் சொல்லக் கூடாது. எழுதுகிற பிள்ளைக்கு இரண்டாவது தாள் கடினம்தான்.

உடனே அடுத்த ஆட்சேபம் வரும்: “விஜயநகரம்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே! மறுதேர்வில் வந்த பாடம் மறுபடி வரலாமா?” வரக் கூடாது என்பது பெரும்பாலான ஆசிரியர்களின் எழுதாத விதி. கேள்வி மறுபடி வரக் கூடாது என்பது சரி. பாடமே வரக் கூடாது என்பதுதான் தப்பு. மூலத்தாள் முடிந்த அன்று சாயங்காலமே அது வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றிவிடும். மறுதேர்வு எழுதப்போகிறவன் அதைப் பார்த்துக் கணக்குப் போடுவான்: ஹரப்பா வந்துவிட்டது, விஜயநகரம் வந்துவிட்டது, காந்தி வந்துவிட்டது, இனி வராது. மூன்று எட்டு மார்க் கேள்வியும் அவற்றின் ‘அல்லது’வும் சேர்ந்து ஆறு பாடத்தைத் தின்றுவிட்டால், பன்னிரண்டு பாடங்களில் பெரிய கேள்விக்கு அவன் படிக்க வேண்டியது பாதிதான். நம்முடைய விதி அவனுடைய ஊகத்தை உண்மையாக்குகிறது. மற்றவர்கள் பன்னிரண்டையும் படித்துவிட்டு எழுதிய தேர்வை இவன் ஆறைப் படித்துவிட்டு எழுதுகிறான். பாடப்பரப்பு சமம் என்று சொல்ல வேண்டுமானால், மூன்று எட்டு மார்க் கேள்விகளில் ஒன்றாவது ஏற்கெனவே வந்த பாடத்திலிருந்து, வேறு கோணத்தில் வந்தாக வேண்டும். எந்தப் பாடம் என்பதை முன்கூட்டிச் சொல்லவும் கூடாது.

“கூடுதலாகப் பதினைந்து நாள் கிடைத்ததே, கொஞ்சம் இறுக்கமாகப் போட்டால் என்ன?” என்பது இன்னொரு வாதம். கேட்க நியாயமாக இருக்கும். அந்தப் பதினைந்து நாளும் படிப்புக்கு வந்ததா என்று யாருக்குத் தெரியும்? காய்ச்சலில் கிடந்தவனும் உண்டு, துக்க வீட்டில் இருந்தவளும் உண்டு. அளக்க முடியாத ஒரு சலுகையை அளக்க முடியாத ஒரு தண்டனையால் ஈடுகட்ட முடியாது. நாள் கூடுவதைக் குறைக்க ஒரே வழி, மறுதேர்வைச் சீக்கிரம் வைப்பது.

சிலர் பழைய போர்டு தாளிலிருந்தோ மாதிரி வினாத்தாளிலிருந்தோ அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். “சிபிஎஸ்இ போட்ட கேள்வியை விடவா நாம் தரமாகப் போடப் போகிறோம்?” தரத்தில் குறை இல்லைதான். ஆனால் டிசம்பரிலிருந்து பிள்ளைகள் அந்தத் தாள்களைத்தான் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள், விடையும் கையில் இருக்கிறது. மூலத்தாள் புதுத்தாள் என்றால் மறுதேர்வும் புதுத்தாளாகத்தான் இருக்க வேண்டும்.

சான்றுப் பகுதிக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியாமல் தாள் சாய்வது பெரும்பாலும் இங்கேதான். 1857 பாடத்தில் ஆசம்கர் பிரகடனம் என்று ஒரு சான்று உண்டு. ஜமீன்தார், வணிகர், அரசு ஊழியர், கைவினைஞர் என்று ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் பிரிட்டிஷ் ஆட்சியில் என்ன குறை என்று அது பிரித்துப் பிரித்துச் சொல்கிறது. “வணிகர்களின் குறை என்ன?” என்றால் பத்தியிலிருந்து எடுத்து எழுதலாம். அதே பாடத்தில் கிளர்ந்தெழுந்த சிப்பாய்களின் மனு ஒன்றும் உண்டு. அதில் அவர்கள் தங்கள் நியாயத்தைச் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் சொன்ன காரணத்தோடு இது எப்படி மாறுபடுகிறது என்று கேட்டால் வரிக்குள் தேடினால் பதில் கிடைக்காது. இரண்டுக்கும் மார்க் நான்கு, பாடம் ஒன்று. ஆனாலும் இவற்றை ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வைக்க முடியாது. மூலத்தாளில் எடுத்து எழுதும் கேள்வி எத்தனை, யோசித்து எழுதும் கேள்வி எத்தனை என்று எண்ணி, மறுதேர்விலும் அதே எண்ணிக்கை வைக்க வேண்டும். பத்தியின் நீளத்தையும் பாருங்கள். வீட்டில் தமிழோ தெலுங்கோ பேசும் ஜங்லிகாட் பிள்ளை தாளை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் படிக்கிறது. எட்டு வரிப் பத்திக்குப் பதில் பதினாறு வரிப் பத்தி என்றால் அது வரலாற்றுக் கடினம் இல்லை, வாசிப்புக் கடினம்.

வரைபடத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. 1857 கிளர்ச்சி மையம் ஒன்றைக் குறி என்றால் டெல்லிக்கும் ஒரு மார்க், ஆசம்கருக்கும் ஒரு மார்க். டெல்லியைக் கண்ணை மூடிக்கொண்டு வைப்பார்கள். ஹரப்பா ஊர்களில் லோத்தலும் பாலகோட்டும் அப்படித்தான். இந்திய மாநில எல்லைகள் போட்ட படத்தில் குஜராத்தைப் பிடித்து லோத்தலை வைத்துவிடலாம். எல்லைக்கு அப்பாலிருக்கும் பாலகோட்டுக்குப் பிடிமானமே இல்லை.

உள்ளூர்ச் சாய்வும் ஒன்று உண்டு. 1857க்குப் பின் கைதிகளை ஏற்றிக்கொண்டு வந்து 1858 மார்ச்சில் இங்கே குடியேற்றம் தொடங்கிய கதையை நம் பிள்ளைகள் பால்வாடியிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். தண்டனைத் தீவைப் பற்றி ஒரு மார்க் கேள்வி மறுதேர்வில் மட்டும் நுழைந்தால் அது இலவச மார்க்.

கடைசியாகச் சொல்லப்படுவது, “திருத்திப் பார்த்துச் சராசரி ஒத்துவந்தால் தாளும் ஒத்ததுதான்” என்பது. ஏழு பேரின் சராசரி அந்த ஏழு பேரைப் பற்றிச் சொல்லும், தாளைப் பற்றி எதுவும் சொல்லாது. வகுப்பில் முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்கள் அந்தக் கப்பலில் இருந்திருந்தால் கடினமான தாளும் எளிதாகத் தெரியும். நடத்துவதற்கு முன்பே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வில்லியம் ஆங்காஃப் 1971இல் எழுதியது. தேர்ச்சி மதிப்பெண் நிர்ணயிக்கப் பயன்படுத்துகிறார்கள். நமக்கு வேண்டிய அளவுக்கு அதைச் சுருக்கிக்கொள்ளலாம். தாளைப் போடாத வேறொரு வரலாற்று ஆசிரியரிடம் இரண்டு தாள்களையும் விடைக்குறிப்போடு கொடுங்கள். எது மூலம், எது மறுதேர்வு என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நம் வகுப்பு நடுத்தர மாணவன் எத்தனை மார்க் எடுப்பான் என்று எழுதச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, ஒன்று கூட்டினால் 48, மற்றது 43 என்று வந்தால், அந்த ஐந்து எங்கே போனது என்று கேள்வி கேள்வியாகப் பார்க்கலாம்: எட்டு மார்க் கேள்வி ஒன்றில் இரண்டரை, சான்றில் ஒன்றரை, வரைபடத்தில் ஒன்று. அந்த மூன்றை மட்டும் மாற்றினால் போதும். வித்தியாசம் ஒன்றோ ஒன்றரையோ என்றால் விட்டுவிடுவேன்; ஒருவருடைய ஊகத்துக்கு அதற்கு மேல் துல்லியம் கிடையாது.

திருத்தும்போது முதல் கட்டிலிருந்து நாலைந்து விடைத்தாள்களை எடுத்து, மார்க்கை மறைத்து, மறுதேர்வுத் தாள்களோடு கலந்து முதலில் திருத்திய அதே ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். முன்பு 52 போட்ட தாளுக்கு இப்போது 57 போட்டால், கை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மறுதேர்வுத் தாள்களையும் மறுபடி பார்க்க வேண்டும்.