பணத்தை முதலில் யார் கொடுப்பது?

2003ம் ஆண்டு அக்டோபர் மாதம். சீனாவில் ஷியான் என்ற நகரில் ஒரு மாணவர் இருந்தார். அவருக்கு ஒரு காமிரா வேண்டும். புதுக் காமிரா வாங்கக் கையில் பணம் இல்லை. 'தவ்பாவ்' என்ற இணையச் சந்தையில் பழைய பியூஜி காமிரா ஒன்று விலைக்கு வந்திருந்தது. விலை 750 யுவான். விற்பவரும் சீனர்தான். ஆனால் அவர் அப்போது ஜப்பானில் இருந்தார்.

மாணவருக்குக் காமிரா பிடித்திருந்தது. பணம் அனுப்பத்தான் பயம். "பணம் போய், பொருள் வராவிட்டால்? கடல் தாண்டி இருப்பவரை எங்கே போய்த் தேடுவது?" என்று அவர் நினைத்தார்.

இந்தப் பயத்தில் நியாயம் உண்டு. விற்பவருக்கும் இதே பயம்தான். "பொருளை அனுப்பிவிட்டுப் பணம் வராவிட்டால் என்ன செய்வது?" என்று அவரும் நினைப்பார். முதலில் கை நீட்டுகிறவர் ஏமாறக்கூடும். அதனால் இருவருமே கை நீட்டமாட்டார்கள். இருவரும் யோக்கியர்களாக இருந்தும் வியாபாரம் நடக்காது!

நடுவர் வந்தார்

தவ்பாவ் நிறுவனம் அப்போதுதான் தொடங்கிய புது நிறுவனம். வயது 6 மாதம்கூட ஆகவில்லை. இந்தச் சிக்கலுக்கு அது ஒரு வழி கண்டது. வாங்குகிறவர் பணத்தை விற்பவருக்கு அனுப்ப வேண்டாம். நிறுவனத்திடம் கட்டிவிட வேண்டும். "பணம் எங்களிடம் வந்துவிட்டது. பொருளை அனுப்பலாம்" என்று நிறுவனம் விற்பவருக்குச் சொல்லும். பொருள் வந்ததும், வாங்கியவர் பிரித்துப் பார்ப்பார். "சரியாக இருக்கிறது" என்று அவர் சொன்ன பிறகே விற்பவர் கைக்குப் பணம் போகும்.

மாணவர் பணத்தைக் கட்டினார். கட்டிய பிறகு மறுபடியும் பயம் வந்துவிட்டது! "வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்றார். நிறுவனத்தின் அலுவலர் தொலைபேசியில் பேசித் தைரியம் சொன்னார். மாணவர் சம்மதித்தார். வியாபாரம் முடிந்தது. இப்படி நடுவர் மூலம் அங்கே நடந்த முதல் வியாபாரம் இதுதான் என்று சொல்கிறார்கள்.

2004ம் ஆண்டு டிசம்பரில் இந்த நடுவர் வேலைக்கென்றே 'அலிபே' என்ற தனி நிறுவனம் ஏற்பட்டது. "நீங்கள் துணிந்து பணம் கட்டுங்கள், நஷ்டம் வந்தால் நாங்கள் துணிந்து ஈடு கொடுக்கிறோம்" என்று 2005ல் அது அறிவித்தது. "எங்களை நம்புங்கள்" என்று எந்தக் கடையும் சொல்லலாம். அதற்குச் செலவு இல்லை. "நஷ்டம் எங்களுடையது" என்று சொல்வதற்குத்தான் செலவு உண்டு. ஏமாற்ற வந்தவன் அதைச் சொல்லிவிட்டு நிறைவேற்றவும் முடியாது.

வி.பி.பி.யின் பேரன்

நம் ஊரில் இதற்கு முன்னோடி உண்டு. சென்னைக் கடைக்குக் கடிதம் போட்டால் புத்தகமோ கடிகாரமோ வி.பி.பி.யில் வரும். தபால்காரரிடம் பணம் கட்டினால்தான் பார்சல் கைக்கு வரும். இணையக் கடைகள் வந்தபோது, கார்டில் பணம் கட்ட மக்கள் தயங்கினார்கள். 2010ல் பிளிப்கார்ட் நிறுவனம், பொருள் வந்த பிறகு வீட்டு வாசலில் பணம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. வியாபாரம் பெருக அது ஒரு முக்கிய காரணம்.

ஆனால் வாசலில் பணம் கொடுப்பதற்கும் சீன நடுவர் முறைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வாசலில் பெரும்பாலும் பணம் கொடுத்த பிறகுதான் பெட்டியைப் பிரிக்க முடியும். பெட்டி வந்தது உண்மை. உள்ளே புடவைக்குப் பதில் கந்தல் துணி இருந்தால்? "பொருள் வருமா?" என்ற சந்தேகத்தைத்தான் இந்த முறை தீர்க்கிறது. "நல்ல பொருள் வருமா?" என்ற சந்தேகம் அப்படியே இருக்கிறது.

விற்பவர் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். "மனம் மாறிவிட்டது, வேண்டாம்" என்று சிலர் வாசலிலேயே பார்சலைத் திருப்பிவிடுகிறார்கள். போக, வர இரண்டு கூலியும் விற்பவர் தலையில் விழுகிறது. சிறு வியாபாரிகள் சிலர் முன்பணம் கேட்பது இதனால்தான். ஆகவே, முன்பணம் கேட்கிறவர் எல்லாரும் மோசக்காரர் அல்ல. வேறு அடையாளம் பார்க்க வேண்டும்.

ஒரு பட்டுப்புடவை

ஓர் உதாரணம். கைப்பேசியில் ஒரு விளம்பரம் வருகிறது. 4,000 ரூபாய்ப் பட்டுப்புடவை இன்று மட்டும் 799 ரூபாயாம்! இதுவரை கேள்விப்படாத கடை. "வாசலில் பணம் கொடுக்கும் வசதி இன்று இல்லை. இந்தக் கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள்" என்கிறார்கள்.

திரையின் மேலே பூட்டுப் படம் இருக்கிறதே என்று சிலர் திருப்தி அடைகிறார்கள். நீங்கள் அனுப்பும் விவரத்தை வழியில் வேறு யாரும் படிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். கடைக்காரர் யோக்கியர் என்பதற்கு அது சாட்சி அல்ல. மோசக்காரனும் அந்தப் பூட்டை வாங்கி மாட்டலாம்.

அந்த எண்ணைப் பணம் அனுப்பும் செயலியில் போட்டுப் பார்த்தால், பாங்குக் கணக்கில் உள்ள பெயர் தெரியும். கடையின் பெயர் ஒன்று, அங்கே தெரிவது யாரோ ஒருவரின் சொந்தப் பெயர் என்றால், நின்று யோசிக்க வேண்டும். பிறகு கடையின் விலாசத்தைத் தேட வேண்டும். 2020ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்பவர் தம் சட்டப்படியான பெயர், விலாசம், தொடர்பு விவரம் இவற்றை வெளியிட வேண்டும். புகார்களைக் கவனிக்க ஓர் அதிகாரியும் வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் 'கிடைத்தது' என்று பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஜி.எஸ்.டி. எண் போட்டிருந்தால், அரசாங்கத்தின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அது யாருடையது என்று காசில்லாமல் பார்க்கலாம். இத்தனையும் 5 நிமிட வேலை.

"ஆயிரம் பேர் புகழ்ந்து எழுதியிருக்கிறார்களே!" என்றால், புகழ்ச்சியும் விலைக்குக் கிடைக்கும். சீனாவில் சில வியாபாரிகள் தாங்களே ஆள் வைத்து வாங்கச் சொல்லி, வெறும் பார்சல் அனுப்பி, நல்ல பெயர் தேடிக்கொண்டார்கள். நடுவராலும் இதை முழுவதும் தடுக்க முடியவில்லை. ஒரே வாரத்தில் குவிந்த புகழுரைகளை நம்பக்கூடாது. குறையும் நிறையும் கலந்து எழுதியவர் பொருளை உண்மையில் தொட்டுப் பார்த்தவராக இருக்கக்கூடும்.

நல்ல வியாபாரி இதைத் தாமே செய்துவிடுவார். "முந்தானையில் ஓர் இடத்தில் நூல் சற்றுத் தடிப்பு" என்று சொல்லி, அந்த இடத்தையே படம் பிடித்துப் போடுவார். எத்தனை நாளுக்குள் திருப்பலாம், தபால் கூலி யாருடையது என்று முன்பே எழுதுவார். குறையைச் சொன்னால் வியாபாரம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது தவறு. குறையைச் சொன்ன வாய்தான் மற்றதையும் உண்மையாகச் சொல்லும் என்று வாங்குகிறவர் எண்ணுவார்.

பெரிய சந்தைகளின் பாதுகாப்பு, அதற்கு உள்ளே பணம் கட்டினால் மட்டுமே. "வெளியே நேராக அனுப்புங்கள், 200 ரூபாய் குறைக்கிறேன்" என்பவன் நடுவரை விலக்கப் பார்க்கிறான். பணம் போன பிறகு வருவது அடுத்த வலை: "பணத்தைத் திருப்புகிறோம், ரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்பார்கள். ரகசிய எண் பணம் அனுப்பத்தான் வேண்டும். பெற்றுக்கொள்ள வேண்டியதே இல்லை.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்கிறவர்கள் பலர். அதற்குள் பணம் கணக்கு விட்டுக் கணக்கு ஓடிவிடுகிறது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசினால், வழியிலேயே பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. மோசடி அல்ல, பொருள்தான் மட்டம் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.