தீபாவளி நம்ம ஓஃப் நாளில் வந்தா ஒரு லீவு போச்சா?

கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையா படிங்க.

போன வியாழக்கிழமை காலையில அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக்கிட்டு இருந்தோம். வியாழன் தவறாம வர்ற ஒரு அக்கா, பேச்சுவாக்குல நவம்பர் மாச பே ஸ்லிப்பைக் காட்டினாங்க. சாப்பாட்டுக் கடையில சமையல் உதவியாளர். வாரம் ஆறு நாள் வேலை, வியாழன் ஓஃப். அடிப்படைச் சம்பளம் 2,080 வெள்ளி.

2024ல தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. அக்கா அன்னைக்கு வீட்டுல இருந்தாங்க. மறுநாள் நவம்பர் 1, வெள்ளிக்கிழமை, வழக்கம்போல வேலைக்குப் போனாங்க. அந்த நாளுக்குத் தனியா எதுவும் வரலை. கேட்டதுக்கு முதலாளி, “உங்களுக்கு அன்னைக்கு எப்படியும் ஓஃப்தானே, தீபாவளி கொண்டாடிட்டீங்களே”ன்னு சொல்லிட்டாராம். “நியாயமாத்தானே இருக்கு தம்பி?”ன்னு அக்கா என்கிட்ட கேக்கறாங்க.

நியாயமில்லை அக்கா. கேட்க நியாயம் மாதிரி இருக்கு, அவ்வளவுதான்.

ஓய்வு நாள் வேறு, பொது விடுமுறை வேறு. ஓய்வு நாள் வாரத்துக்கு ஒண்ணு, அதுக்குச் சம்பளம் கிடையாது. பொது விடுமுறை வருஷத்துக்கு 11, அதுக்குச் சம்பளம் உண்டு. இரண்டும் ஒரே தேதியில் விழுந்தால், ஓய்வு நாளுக்கு அடுத்து வரும் வேலை நாள் சம்பளத்தோடு கூடிய விடுமுறையாகும் என்று சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டம் சொல்கிறது. அப்படின்னா அக்காவுக்கு நவம்பர் 1தான் விடுமுறை. முதலாளி சொன்ன கணக்குப்படி பார்த்தா, அவங்களுக்கு மட்டும் 11 விடுமுறை 10 ஆயிடும்.

பலர் தடுமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. விடுமுறை ஞாயிற்றுக்கிழமை வந்தால் திங்கள் லீவு என்று அரசாங்கப் பட்டியலிலேயே போட்டுவிடுகிறார்கள். அதனால இது ஞாயிறுக்கு மட்டும் உள்ள சலுகைன்னு நினைச்சுக்கறோம். சட்டம் பார்ப்பது உங்களுடைய ஓய்வு நாளை. கடை, காவல், துப்புரவு வேலையில் இருக்கும் நம்மாட்கள் எத்தனை பேருக்கு ஞாயிறு ஓஃப் கிடைக்குது?

சரி, அக்காவுக்கு எவ்வளவு வரணும்? ஒரு நாள் அடிப்படைச் சம்பளத்துக்கு, மாதச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 வாரம் பெருக்கல் வாரத்துக்கு எத்தனை வேலை நாளோ அதால் வகுக்க வேண்டும். 2,080 பெருக்கல் 12 என்றால் 24,960. 52 பெருக்கல் 6 என்றால் 312. வகுத்தால் 80 வெள்ளி. விடுமுறைச் சம்பளம் மாதச் சம்பளத்திலேயே வந்துவிட்டது. விடுமுறை அன்று வேலை பார்த்ததற்காக இந்த 80 வெள்ளி கூடுதலாக வர வேண்டும். அந்த 312ஐக் கொஞ்சம் கவனிங்க. அதில் ஓய்வு நாட்கள் இல்லவே இல்லை. வியாழக்கிழமைக்கு அக்கா ஒரு காசும் வாங்கவில்லை. அப்புறம் எப்படி அந்த நாளைக் காட்டி விடுமுறையைக் கழிக்க முடியும்?

பணத்துக்குப் பதிலா இன்னொரு நாள் லீவு வாங்கிக்கலாமா? இருவரும் பேசி ஒத்துக்கிட்டா தாராளமா வாங்கிக்கலாம். ஆனா ‘ஒத்துக்கிட்டா’. முதலாளி தானா முடிவு பண்ணி, மாசக் கடைசியில சொல்றது ஒப்புதல் ஆகாது.

ஐந்து நாள் வேலை செய்கிறவர்களுக்குக் கணக்குக் கொஞ்சம் மாறும். சனி, ஞாயிறு இரண்டும் லீவு என்றாலும் ஓய்வு நாள் ஒன்றுதான், பெரும்பாலும் ஞாயிறு. சனி வெறும் வேலையில்லாத நாள். 2025ல ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 7, சனிக்கிழமை வந்தது. அதுக்குத் திங்கட்கிழமை தானா லீவு ஆகாது. முதலாளி வேறொரு நாள் லீவு தரணும், இல்லைன்னா ஒரு நாள் சம்பளம் தரணும். வீட்டுப் பணிப்பெண்கள் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள், அது எனக்கு வருத்தம்தான். அதைத் தனியா எழுதறேன்.

2024 கிறிஸ்துமஸ் புதன்கிழமை, 2025 புத்தாண்டும் புதன்கிழமை வந்தது. புதன் ஓஃப் இருந்தவங்க, டிசம்பர் 26, ஜனவரி 2 இரண்டு வியாழனும் ரோஸ்டர்ல எப்படிப் போட்டிருந்ததுன்னு பாருங்க. வேலைன்னு போட்டிருந்தா, பே ஸ்லிப்ல பொது விடுமுறைச் சம்பளம்னு தனி வரி வந்திருக்கணும். கடை நடத்துற அன்பர்களும் நம்மில் இருக்கீங்க. தெரியாம விட்டிருந்தா அடுத்த சம்பளத்தோட சேர்த்துக் கொடுத்துடுங்க, 80 வெள்ளிக்காக யாரும் உங்க முன்னால தயங்கி நிக்க வேண்டாம்.

பேசியும் நடக்கலைன்னா டிஏடிஎம் அமைப்பில் புகார் கொடுக்கலாம். வேலையில் இருக்கிறவர்கள் ஒரு வருஷத்துக்குள், வேலையை விட்டவர்கள் கடைசி நாளிலிருந்து ஆறு மாசத்துக்குள் போக வேண்டும். அக்காவுக்கு அதெல்லாம் வேண்டாமாம், முதல்ல முதலாளிகிட்டயே திரும்பக் கேட்கிறேன்னு சொல்லியிருக்காங்க. வர்ற வியாழன் அக்டோபர், நவம்பர் ரோஸ்டரையும் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன். உங்க ரோஸ்டர்ல சந்தேகம் இருந்தா நீங்களும் கொண்டு வாங்க, காய் நறுக்கிக்கிட்டே பார்ப்போம்.