வீட்டுச் சமையல்காரருக்கு இ.எஸ்.ஐ. உண்டா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் காலைச் சங்கு ஒலிக்கிறது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் உள்ளே போகிறார்கள். அவர்களில் பலரிடம் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறது. நோய் வந்தால் மருந்து கிடைக்கும். வேலை செய்யும்போது அடிபட்டால் உதவிப் பணம் கிடைக்கும்.

அதே தொழிற்சாலையின் மானேஜர் திருவள்ளூரில் குடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வீட்டில் ஒரு சமையல்கார அம்மா இருக்கிறார். ஒரு கார் டிரைவர் இருக்கிறார். படுக்கையில் இருக்கும் தாயாரைக் கவனிக்க ஒரு பெண் வருகிறார். இந்த மூவருக்கும் இ.எஸ்.ஐ. கட்ட வேண்டுமா? பல குடும்பங்களில் இந்தச் சந்தேகம் இருக்கிறது. அதைச் சிறிது பார்ப்போம்.

சம்பளம் கொடுப்பவர் யார்?

இ.எஸ்.ஐ. சட்டம் 1948-ல் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் இ.எஸ்.ஐ. கடமை உண்டு. பிராவிடண்டு பண்டுக்கு இருபது பேர் வேண்டும். குடும்பம் என்பது நிறுவனம் அல்ல. ஆகவே, தன் கையால் சம்பளம் கொடுத்து ஒரு சமையல்காரரை வைத்திருக்கும் வீடு, இ.எஸ்.ஐ.யும் கட்ட வேண்டியதில்லை; பி.எப்.பும் கட்ட வேண்டியதில்லை.

ஆனால் இங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது. அந்த டிரைவருக்குக் கம்பெனியே சம்பளம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவர் கம்பெனித் தொழிலாளி. காரை வீட்டு வாசலில் நிறுத்தினாலும், அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போனாலும், அவர் கம்பெனித் தொழிலாளிதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாமல் இருந்தால் அவருக்கு இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும்.

கணக்கு எளிது. சம்பளம் 16,000 ரூபாய் என்றால், கம்பெனியின் பங்கு நூற்றுக்கு 3.25. அது 520 ரூபாய். தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 0.75. அது 120 ரூபாய். ஆக மாதம் 640 ரூபாய். "அவன் மானேஜர் வீட்டு ஆள்தானே!" என்று சொல்லிக் கம்பெனி இதைத் தட்டிக்கழிக்க முடியாது. சம்பளம் எந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்து போகிறது என்று பார்த்தால் உண்மை வெளிவந்துவிடும்.

தாயாரைக் கவனிக்க வரும் பெண்ணுக்கும் இதே கேள்விதான். அவரை ஓர் ஏஜென்சி அனுப்புகிறதா? சம்பளத்தையும் ஏஜென்சியே கொடுக்கிறதா? அங்கே பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிறார்களா? அப்படியானால் இ.எஸ்.ஐ. கட்ட வேண்டியது அந்த ஏஜென்சி. வீட்டுக்காரர் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொரு தவறும் நடக்கக்கூடும். "இ.எஸ்.ஐ.க்காக" என்று சொல்லி வீட்டுச் சமையல்காரர் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம் செய்வது! இது ஏமாற்றம். வீட்டின் பேரில் இ.எஸ்.ஐ. கணக்கே கிடையாது, பிடித்த பணம் எங்கும் போய்ச் சேராது. பிடித்தம் செய்பவர் இ.எஸ்.ஐ. எண்ணைக் காட்ட வேண்டும். எண் இல்லை என்றால் பிடித்தமும் கூடாது.

டிரைவர் விஷயம் வேறு!

சந்தா இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. முக்கியமாக, டிரைவர் விஷயத்தில் அப்படி எண்ணுவது ஆபத்து.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-ல் வந்தது. அதன் விதிகளும் இப்போது புதிய சட்டத் தொகுப்பில் சேர்ந்திருக்கின்றன. மோட்டார் வாகனம் ஓட்ட அமர்த்தப்பட்டவர் இந்த விதிகளில் அடங்குவார். வேலை நேரத்தில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு தர வேண்டியவர் அவரை அமர்த்தியவர். வீட்டுக் கார் என்றால் வீட்டுக்காரர்!

ஒரு கணக்கைப் பார்ப்போம். டிரைவருக்கு வயது 40. வீட்டார் கொடுக்கும் சம்பளம் 16,000 ரூபாய். சென்னை-கல்கத்தா நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டும்போது விபத்தில் அவர் உயிரிழக்கிறார். 2020-ல் குறித்த அளவின்படி 15,000 ரூபாய் வரைதான் சம்பளம் கணக்கில் எடுக்கப்படும். அதில் பாதி 7,500. நாற்பது வயதுக்குச் சட்ட அட்டவணையில் உள்ள எண் 184.17. இரண்டையும் பெருக்கினால் 13,81,275 ரூபாய். இவ்வளவு பெரிய தொகையை எந்த நடுத்தரக் குடும்பத்தால் கொடுக்க முடியும்?

இதற்கு வழி இருக்கிறது. கார் இன்சூரன்ஸ் எடுக்கும்போது, "சம்பள டிரைவருக்கான சட்டப் பொறுப்பு" என்ற வரியைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு டிரைவருக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் அளவில்தான் செலவு. அந்த வரி இல்லாவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்து வழக்கு நடத்த இடமுண்டு. பாலிசியில் "உரிமையாளர்-டிரைவர் விபத்துக் காப்பீடு" என்றும் ஒரு வரி இருக்கும். அது சொந்தக்காரருக்கு மட்டுமே. அதைப் பார்த்து, "டிரைவருக்கும் காப்பீடு இருக்கிறது" என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள்!

சமையல்கார அம்மாவுக்கு என்ன வழி?

வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007-ல் நல வாரியம் ஏற்பட்டது. 18 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்கள் உறுப்பினர் ஆகலாம். பிள்ளைகளின் படிப்புக்கும், பிரசவத்துக்கும், விபத்துக்கும் உதவி உண்டு. அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியமும் உண்டு. டிரைவர்களுக்கும் தனி வாரியம் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளவர்கள், மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் இதைக் கேட்கலாம்.

ஆதார் அட்டை, குடும்ப அட்டை, பேங்கு புத்தகம், புகைப்படம் ஆகியவை வேண்டும். இவர் வீட்டு வேலை செய்கிறார் என்ற பணிச் சான்றும் வேண்டும். அதில் வீட்டு எஜமானர் கையெழுத்துப் போடலாம். "நாளைக்கு ஏதாவது வம்பு வருமோ?" என்று அஞ்சிச் சிலர் மறுக்கிறார்கள். இந்தக் கையெழுத்தினால் வீட்டார் சந்தா கட்ட வேண்டி வராது. அந்த அம்மாள் பெறக்கூடிய உதவிதான் கையெழுத்து இல்லாமல் தடைப்படக்கூடும்.

மத்திய அரசின் பென்ஷன் திட்டம் ஒன்றும் 2019 முதல் இருக்கிறது. 18 முதல் 40 வயதுக்குள், மாதம் 15,000 ரூபாய் வரை வருமானம் உள்ளவர்கள் இதில் சேரலாம். 29 வயதில் சேர்ந்தால் மாதம் 100 ரூபாய் கட்ட வேண்டும். அரசும் 100 ரூபாய் போடும். அறுபது வயதில் மாதம் 3,000 ரூபாய் வரும். வீட்டு வேலை செய்பவருக்காக அந்தப் பணத்தை எஜமானரே கட்டவும் 2022-ல் வழி செய்யப்பட்டது. ஆண்டுக்கு 1,200 ரூபாய். ஒரு தீபாவளிச் சேலையின் விலை!

சட்டத்தில் உள்ள குறை

அமெரிக்காவில் 1950-ம் ஆண்டிலேயே சட்டத்தைத் திருத்தி, வழக்கமாக வேலை செய்யும் வீட்டுப் பணியாளர்களைச் சமூகக் காப்பீட்டில் சேர்த்தார்கள். அங்கே வீட்டுக்காரரும் பங்கு கட்டுகிறார். நம் நாட்டில் இன்னும் அந்த நிலை வரவில்லை. வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் மத்திய அரசுக்குச் சொன்னது.

தொழிற்சாலையில் சமைப்பவருக்குக் கையில் சூடுபட்டால் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. அதே தொழிற்சாலை மானேஜர் வீட்டில் சமைப்பவருக்கு அதே சூடு பட்டால் அந்த வசதி இல்லை. அடுப்பு ஒன்றுதான், நெருப்பும் ஒன்றுதான். இந்த வேற்றுமையைப் போக்க வேண்டியது அரசு. அதுவரை, நல வாரியத்துக்கு ஒரு கையெழுத்து, கார் பாலிசியில் ஒரு வரி, மாதம் 100 ரூபாய் - இந்த மூன்றும் வீட்டாரால் இன்றே செய்யக்கூடியவை.